கரண்டியில் வெண்ணெய் உருகியதும் கடத்தல் என்று எழுதிவிடாதீர்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்கள், வெப்பக் கடத்தல் பாடத்துக்குப் பெரும்பாலும் ஒரே சோதனையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு பாத்திரத்தில் வெந்நீர், அதில் சாய்த்து வைத்த ஓர் எவர்சில்வர் தேக்கரண்டியும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியும், இரண்டின் காம்பு நுனியிலும் வெண்ணெயாலோ மெழுகாலோ ஒட்டிய பாசிமணி. எளிய சோதனை என்ற பெயர் இதற்கு உண்டு. ஆனால் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் செய்த அதே பிழைகள் அதே வரிசையில் இன்றும் நடப்பதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும்போது, இவற்றை எழுதி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது. வெந்நீரைக் கவனமாக ஊற்றுங்கள் என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

திறந்த பாத்திரத்தின் மேல் மணியை ஒட்டுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் பிழை இதுதான். ஒரு வகுப்பில் எவர்சில்வர் கரண்டியின் மணி விழுந்தது. ஆசிரியை மகிழ்ந்து கரும்பலகையில் "நற்கடத்தி" என்று எழுதி முடிப்பதற்குள் பிளாஸ்டிக் கரண்டியின் மணியும் விழுந்தது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "டீச்சர், பிளாஸ்டிக்கிலயும் விழுந்துடுச்சே?" என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. "பிளாஸ்டிக்கும் கொஞ்சம் கடத்தும்மா" என்று பதில் சொல்லிவிட்டு ஆசிரியை அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். அந்தப் பதில் தவறு. பிளாஸ்டிக் காம்பின் வழியாக நுனிவரை அத்தனை வெப்பம் ஏற வேண்டுமானால் ஒரு வகுப்பு நேரம் போதாது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், ஏறுகிற சொற்ப வெப்பத்தை வழியிலேயே காற்று வாங்கிக்கொண்டுவிடும். மணியை விழ வைத்தது கரண்டியே அன்று, நீராவி.

இட்லிக் கொப்பரையில் தட்டு நீரைத் தொடுவதில்லை, ஆனாலும் மாவு வெந்துவிடுகிறது அல்லவா? வெந்நீருக்கு நேர் மேலே நிற்கும் கரண்டிக் காம்புக்கும் அதுவே நேர்கிறது. ஒரு கிராம் நீராவி குளிர்ந்த பரப்பில் படிந்து நீராக மாறும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தை விட்டுச் செல்கிறது. கொதிநிலையில் உள்ள ஒரு கிராம் நீர் 40 டிகிரி வரை ஆறினாலும் 60 கலோரிதான் தரும். ஆகவே காம்பில் மெல்லிய நீர்ப்படலம் படிந்தாலே வெண்ணெய் உருகிவிடும். காம்பு எதனால் ஆனது என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. வெப்பச் சலனத்தையும் ஆவி படிவதையும் காட்டிவிட்டு, பிள்ளைகளின் நோட்டில் "கடத்தல்" என்று எழுத வைக்கிறோம்.

இதைவிடச் சங்கடமான உண்மை ஒன்று உண்டு. எவர்சில்வர் கரண்டியின் நுனியில் இருந்த மணிகூடப் பெரும்பாலும் கடத்தலால் விழுவதில்லை. எவர்சில்வர் உலோகம்தான், ஆனால் உலோகங்களுக்குள் அது மந்தமான கடத்தி; அலுமினியம் அதைப்போல் சுமார் 15 மடங்கும், செம்பு சுமார் 25 மடங்கும் நன்றாக வெப்பத்தைக் கடத்துகின்றன. ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள எவர்சில்வர் காம்பில், மேலே ஏறும் வெப்பத்தை இரு பக்கக் காற்றும் வாங்கிக்கொண்டே இருப்பதால், நீர்மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் உயரத்திலேயே காம்புக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அறை 34 டிகிரி, நீர் 80 டிகிரி என்று கொள்வோம். பத்து சென்டிமீட்டர் உயரத்தில் எவர்சில்வர் காம்பின் சூடு 40 டிகிரியைக்கூட எட்டாது. மெழுகுவர்த்தி மெழுகோ 50 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதே தடிப்பும் நீளமும் உள்ள அலுமினியக் காம்பு அந்த உயரத்தில் 65 டிகிரியைத் தாண்டிவிடும். எனவே எவர்சில்வர் நுனியில் ஒட்டிய மெழுகு உருகினால், பாராட்டுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

ஆவிதான் காரணமா என்று கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, மூன்றாவதாக ஒரு கரண்டியை நீரைத் தொடாதபடி, மற்றவற்றுக்குப் பக்கத்தில் அதே உயரத்தில் நூலால் தொங்கவிடுவது. அதன் மணியும் விழுந்தால் அன்றைய சோதனை கடத்தலைப் பற்றியது அன்று. இரண்டாவது வழி இன்னும் அழகானது. ஒரே காம்பில் 2, 4, 6, 8 சென்டிமீட்டர் உயரங்களில் நான்கு மணிகளை ஒட்டுங்கள். கடத்தலாக இருந்தால் அடிமணி முதலில் விழும், அடுத்தது சற்றுத் தாமதித்து விழும், மேலே உள்ளவை விழாமலே நின்றுவிடவும் கூடும். வரிசை குலைந்து எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக உதிர்ந்தால் அது ஆவியின் வேலை. வெப்பம் காம்பு வழியே படிப்படியாக நகர்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பதும் இந்த முறையில்தான்; ஒற்றை மணி அதைக் காட்டாது.

தடுக்கும் வழியும் எளிது. பாத்திரத்தின் வாயைவிடப் பெரிய தடித்த அட்டையில் கரண்டிக் காம்பு நுழையும் அளவுக்குக் கீறல் போட்டு, காம்பைச் செருகி, இடைவெளியைப் பிசைந்த கோதுமை மாவால் அடைத்துவிடுங்கள். நீர் அட்டைக்குச் சற்றுக் கீழே வரை இருக்கட்டும். உயரத்தை அட்டையிலிருந்து அளந்து மணிகளை ஒட்டுங்கள். கரண்டி அட்டையில் நேராக நிற்பதால், சூடான பாத்திர விளிம்பில் சாய்ந்து அங்கிருந்து வெப்பம் வாங்கும் தொல்லையும் இதோடு ஒழிகிறது. மூடியிருக்கும் நீர் மெதுவாகவே ஆறும் என்பது கூடுதல் ஆதாயம்.

மார்ச், ஏப்ரலில் வெண்ணெய்

வேண்டாம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகும். பாலக்காட்டுக் கணவாயின் கோடையில் வகுப்பறையே அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். மேசைமேல் வைத்த வெண்ணெய் தானாக வழியும்போது எந்தக் கரண்டியைக் குறை சொல்வது? அந்த மாதங்களில் மெழுகை எடுத்து, எவர்சில்வரில் அட்டைக்கு ஒன்றரை அல்லது இரண்டு சென்டிமீட்டர் மேலே ஒட்டி, கொதித்து இறக்கிய நீரையே ஊற்றுங்கள். மார்கழிக் காலை வகுப்பானால் வெண்ணெய் நன்றாக வேலை செய்யும். எவர்சில்வரில்கூட மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரம்வரை மணி விழுவதைப் பார்க்கலாம்.

மெழுகின் அளவு

எல்லா மணிக்கும் ஒரே அளவு, கடுகளவு.

விருந்தில் தரும் மெல்லிய பிளாஸ்டிக் கரண்டி

கொதிநீரில் சில வகை இளகி வளைந்துவிடும். காம்பு சாயும்போது மணி சறுக்கி விழும், அதையும் யாராவது "உருகியது" என்று குறித்துக்கொள்வார்கள். விறைப்பான, தடித்த கரண்டி வாங்குங்கள்.

தடிப்பு வேறான கரண்டிகளை ஒப்பிடுவது

பாயசக் கடைக் கரண்டி மெலிது, வீட்டுக் கரண்டி தடிப்பு. தடித்த காம்பில் வெப்பம் இன்னும் உயரம்வரை செல்லும் என்பதால், இரண்டு பொருள்களை ஒப்பிடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு இரண்டு தடிப்புகளை ஒப்பிட்டுவிடுவோம். உலோகங்களுக்குள் ஒப்பிட விரும்பினால் கரண்டியைவிட ஒரே அளவாக வெட்டிய அலுமினியம், பித்தளை, இரும்புப் பட்டைகள் மேல். பட்டறையில் கேட்டால் வெட்டித் தருவார்கள்.

எவ்வளவு நேரம்

பத்து நிமிடம் போதும். அலுமினியத்தில் எட்டு சென்டிமீட்டர் மணிவரை அதற்குள் விழுந்துவிடும், எவர்சில்வரில் அடிமணி விழுந்திருக்கும், பிளாஸ்டிக்கில் நான்கும் அப்படியே நிற்கும். அதன் பிறகு நீர் ஆறத் தொடங்குவதால் காத்திருப்பதில் பயனில்லை.