இயந்திரத்தின் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? இரத்தக் கல்ச்சரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளியின் இரத்தத்தைப் போத்தலில் வளர்த்துக் கிருமி தேடும் இரத்தக் கல்ச்சர் இயந்திரம் கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமி வளரும்போது விடும் காபனீரொட்சைட்டைத்தான் கவனிக்கிறது. ஒரு வகைக் கருவியில் போத்தலின் அடியில் உணரி இருக்கும். வாயு ஊறிச் செல்லச் செல்ல அது நீலப்பச்சையிலிருந்து மஞ்சளாகும். இயந்திரம் அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும். வெண்குருதிக் கலங்களும் கொஞ்சம் வாயு விடுவதால், மொத்த அளவோடு, அது ஏறும் வேகம் கூடுகிறதா என்றும் பார்த்தே ஒலி எழுப்பும்.

போத்தலைத் தாமதமாக ஏற்றும் தவறு இந்த இடத்தில்தான் கடிக்கிறது. மூதூரிலோ புல்மோட்டையிலோ இரவு எடுத்த போத்தல் மேசையில் கிடந்து, காலையில் திருகோணமலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் இங்கே ‘அறை வெப்பநிலை’ 30 பாகையைத் தாண்டிவிடும். கிருமி வழியிலேயே பெருகி ஓய்ந்திருந்தால், உள்ளே வைத்த பிறகு வேகம் கூடுவதை இயந்திரம் காணாமலே போகலாம். ஐந்து நாள் கழித்து ‘வளர்ச்சி இல்லை’ என்று முடிவு வரும். குளிர்சாதனப் பெட்டியும் தீர்வல்ல, சில கிருமிகள் அதில் செத்துவிடும். சில மணி நேரத்துக்குள் ஏற்றுவதே சரி. தாமதமாக வந்தால் கையோடு கிராம் சாயமும் உப வளர்ப்பும் செய்துவிடுங்கள்.

இன்னொன்று, போத்தல் ஒலிக்க எடுத்ததாகத் திரையில் வரும் நேரத்தை அப்படியே நம்புவது. அது இரத்தம் எடுத்த நேரத்திலிருந்து அல்ல, போத்தலை ஏற்றிய நேரத்திலிருந்து எண்ணப்படுகிறது. குழாய்த் தொற்றா என்று பார்க்க, மைய நாளக் குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கிறோம். குழாய்ப் போத்தல் இரண்டு மணி நேரமாவது முந்தினால் குழாய்மேல் சந்தேகம் வலுக்கும். 9 மணிக்கு எடுத்ததில் குழாய்ப் போத்தல் 9.30க்கும் கைப் போத்தல் 12.30க்கும் ஏறின, இரண்டும் 9 மணி நேரத்தில் ஒலித்தன என்றால் வித்தியாசம் பூச்சியம் போலத் தெரியும். ஆனால் கைப் போத்தல் மூன்று மணி நேரம் கூடுதலாக வெளியே வளர்ந்திருக்கிறதே! அந்த ஒப்பீட்டை விட்டுவிட வேண்டும். இரண்டிலும் இரத்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 10 மில்லிலீற்றரும் மற்றதில் 3ம் இருந்தால், குறைவாக உள்ள போத்தல் தானாகவே பிந்தும்.

பிந்தி வந்தது எல்லாம் தோலிலிருந்து வந்த கலப்படம் என்று ஒதுக்குவதும் ஆபத்து. ஒரு நாள் கழித்து, ஒரே போத்தலில், தோல் ஸ்டபிலோகொக்கசு வந்தால் அப்படி நினைக்க இடமுண்டு. கிராம் எதிர்க் கோல்கள் வந்தால் இடமில்லை. இலங்கையில் காணப்படும் மெலியோடோசிசு நோயின் கிருமியும் அத்தகைய கோல்தான், அது இரண்டாம் நாளிலும் வரலாம். நீரிழிவு உள்ள ஒரு வயல்காரரின் போத்தலில் அது தென்பட்டால், வைத்தியருக்கு உடனே தொலைபேசி எடுங்கள். முழு அடையாளம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.