நிர்வாகச் சட்டத்துக்கு இருமொழிச் சொல்பட்டியல்: ‘ரிவ்யூ’வில் இருந்து தொடங்குங்கள்

சட்டம் படிக்கிறவர்கள் பலர் ஒரு நோட்டை எடுத்து, இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ச் சொல் என்று அகரவரிசையில் எழுத ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ‘அப்பீல்’ முதல் பக்கத்தில் வந்தது, ‘ஜுடீசியல் ரிவ்யூ’ நடுவில் எங்கோ வந்தது, ‘ரிவ்யூ’வும் ‘ரிவிஷ’னும் கடைசிப் பக்கங்களில் வந்தன. இந்த நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கவே இல்லை. அதனால் ரிவ்யூ, ரிவிஷன் இரண்டுக்கும் ‘சீராய்வு’ என்றே எழுதியிருந்தேன், அது தேர்வுக்கு முந்தின வாரம்தான் கண்ணில் பட்டது.

அதனால் அகரவரிசையைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் சொல் குடும்பம். ஒன்றோடொன்று குழம்பக்கூடிய நான்கைந்து சொற்களைச் சேர்த்து எடுத்து, ஒரே உட்காரலில் முடித்துவிட வேண்டும். இந்தப் பதிவில் அந்த நான்கு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நிர்வாகச் சட்டத்தில் அதிகம் தடுமாற வைப்பது இவைதான்.

படி 1: ஒரு கற்பனை வழக்கு வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு தங்கும் விடுதி. உரிமையாளருக்கு நோட்டீஸ் எதுவும் கொடுக்காமல் உரிமம் வழங்கும் அலுவலர் உரிமத்தை ரத்து செய்துவிடுகிறார். உரிமையாளர் எங்கெல்லாம் போகலாம்? சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு இடம் இருந்தால் அதற்கான மேல் அதிகாரியிடம் போகலாம், அது அப்பீல். சட்டம் அரசுக்கு அந்த அதிகாரம் கொடுத்திருந்தால் கோப்பை வரவழைத்துப் பார்க்கச் சொல்லி அரசிடம் கேட்கலாம், அது ரிவிஷன். அதே அலுவலரிடம் திரும்பிப் போய் “உங்கள் ஆணையை நீங்களே இன்னொரு முறை பாருங்கள்” என்று கேட்டால் அது ரிவ்யூ. அரசமைப்புச் சட்டத்தின் 226-வது உறுப்பின் கீழ் உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்டால் அங்கே நடப்பது ஜுடீசியல் ரிவ்யூ.

படி 2: தமிழ்ச் சொல்லைத் தேடும் முன் மூன்று கேள்விகள்

ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே இதை எழுதுங்கள்: பார்ப்பவர் யார், எதைப் பார்க்கிறார், பார்த்தபின் என்ன செய்ய முடியும்.

அப்பீலில் மேல் அதிகாரி பொதுவாகச் சங்கதிகளையும் சட்டத்தையும் சேர்த்தே பார்ப்பார், தன் முடிவைக் கீழ் அலுவலரின் முடிவுக்குப் பதிலாக வைக்கலாம். ஆனால் அப்பீல் என்பது சட்டம் கொடுத்தால் மட்டுமே உண்டு.

ரிவிஷனின் அளவு சட்டத்துக்குச் சட்டம் மாறும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-இன் 115-வது பிரிவில் பார்த்தால், கீழ் நீதிமன்றம் தனக்கில்லாத அதிகார வரம்பைக் கையில் எடுத்ததா, இருப்பதைப் பயன்படுத்தத் தவறியதா, பயன்படுத்தும்போது சட்டவிரோதமாகவோ முக்கியமான முறைகேட்டுடனோ நடந்ததா என்ற அளவில்தான் கேள்வி நிற்கிறது.

ரிவ்யூவில் பார்ப்பவர் ஆணை போட்டவரேதான். நீதிமன்றங்களுக்கு அதே சட்டத்தின் 114-வது பிரிவும் 47-வது கட்டளையும் உண்டு. உச்ச நீதிமன்றத்துக்கு அரசமைப்புச் சட்டத்தின் 137-வது உறுப்பு. நிர்வாக அலுவலருக்கு? சட்டம் வெளிப்படையாகவோ, அதிலிருந்து கட்டாயமாக உணரும்படியோ கொடுத்தால் ஒழிய இல்லை. 1970-இல் பட்டேல் நர்ஷி தாக்கர்ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். ஆகவே நம் விடுதிக்காரர் இந்தக் கதவைத் தட்டும் முன் சட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஜுடீசியல் ரிவ்யூ இந்த மூன்றோடும் சேராது. நீதிமன்றம் பார்ப்பது முடிவை அல்ல, முடிவு எடுத்த விதத்தை. 1994-இல் டாட்டா செல்லுலார் வழக்கில் இந்த வேறுபாடு தெளிவாகப் பேசப்பட்டது. விடுதி உண்மையிலேயே விதியை மீறியதா என்று நீதிமன்றம் சாதாரணமாக விசாரிக்காது. நோட்டீஸ் கொடுக்கவில்லை, விளக்கம் கேட்கவில்லை என்ற குறையைப் பார்த்து ஆணையை ரத்து செய்து, முறைப்படி விசாரிக்கச் சொல்லி அதே அலுவலருக்கே திருப்பி அனுப்பலாம். விடுதிக்காரர் வழக்கில் ஜெயித்தும், பிற்பாடு உரிமத்தை இழக்கலாம்.

படி 3: இப்போது சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

அப்பீலுக்குச் சண்டையே இல்லை, ‘மேல்முறையீடு’. மற்ற மூன்றில்தான் சிக்கல். செய்தித்தாள்களில் உச்ச நீதிமன்ற ரிவ்யூ மனுவைச் ‘சீராய்வு மனு’ என்கிறார்கள், ரிவிஷன் மனுவும் ‘சீராய்வு மனு’ என்றே வழங்குகிறது. படிக்கிற நமக்கு இது ஆகாது. நான் வைத்துக்கொண்டது இப்படி:

அப்பீல் – மேல்முறையீடு
ரிவிஷன் – சீராய்வு
ரிவ்யூ – மறுஆய்வு
ஜுடீசியல் ரிவ்யூ – நீதிப்புனராய்வு

ரிவிஷனுக்குச் சீராய்வைக் கொடுத்ததற்குக் காரணம், கீழே நடந்ததை மேலே இருப்பவர் சீர்செய்வது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘நீதிப்புனராய்வு’ பள்ளிப் பாடநூல்களிலேயே பழகின சொல். ‘நீதித்துறை மறுஆய்வு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு நீதிபதி தன் தீர்ப்பைத் தானே மறுஆய்வு செய்வதோடு அது மோதுகிறது.

இன்னொரு வரி கட்டாயம் சேருங்கள்: “வேறு இடத்தில் இப்படியும் வரும்.” மறுஆய்வுக்குக் கீழே ‘செய்திகளில் சீராய்வு’ என்று குறித்து வைத்தால், பழைய தீர்ப்பின் தமிழாக்கத்தையோ செய்தியையோ வாசிக்கும்போது தடுமாற மாட்டீர்கள்.

படி 4: திருப்பி மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்

இதுதான் சோதனை. தமிழில் ஒரு வாக்கியம் எழுதி, பட்டியலைக் காட்டாமல் நண்பரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். “அலுவலரின் ஆணையை உயர்நீதிமன்றம் மறுஆய்வு செய்து ரத்து செய்தது” என்று நான் எழுதியதைத் தோழி ஒருத்தி வெறும் ‘ரிவ்யூ’ என்றே திருப்பினாள். தப்பு அவளுடையது இல்லை, நீதிப்புனராய்வு என்று நான் எழுதியிருக்க வேண்டும். அதே வாக்கியத்தில் இன்னொன்றும் பிடிபட்டது: அலுவலர் உரிமத்தை ரத்து செய்தார், நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது என்று எழுத வேண்டி வருகிறது! இப்போது நான் எப்போதும் எதை என்று சேர்த்தே எழுதுகிறேன்: ‘உரிமத்தை ரத்து செய்த ஆணை’, ‘ஆணையை ரத்து செய்த தீர்ப்பு’. ‘தள்ளுபடி’யை இங்கே கொண்டுவராதீர்கள், மனு தள்ளுபடி என்றால் விடுதிக்காரர் தோற்றுவிட்டார் என்று பொருள்.

சாதாரணப் பேச்சில் வரும் ‘ரிவ்யூ’வுக்கும் பட்டியல் சொல்லைப் போடக்கூடாது. குழு வேலையின் முன்னேற்றத்தை ரிவ்யூ செய்தால் அது மறுஆய்வு இல்லை, ‘பரிசீலித்தது’ போதும்.

படி 5: விதிவிலக்கை அதே பதிவில் எழுதுங்கள்

மறுஆய்வுக்கு எதிரே ‘சட்டம் கொடுத்தால் மட்டும்’ என்று எழுதி நிறுத்தினால் பாதிதான். 1980-இல் கிரிண்ட்லேஸ் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு வகை பிரித்தது: முடிவிலேயே உள்ள பிழைக்காகத் தகுதியின் மேல் மறுஆய்வு ஒன்று, விசாரணை நடந்த விதத்தின் குறைக்காக நடைமுறை மறுஆய்வு இன்னொன்று. நோட்டீஸே போய்ச் சேராமல் ஒருதலையாக முடிந்த விசாரணையைத் தீர்ப்பாயம் திரும்பத் திறப்பது இரண்டாம் வகை, அதற்குச் சட்டத்தில் தனி வாசகம் தேவையில்லை. இதைச் சேர்த்தால் பதிவு இப்படி நிற்கும்:

மறுஆய்வு – ரிவ்யூ. பார்ப்பவர்: ஆணை போட்டவரே. தகுதியின் மேல் என்றால் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். நடைமுறைக் குறை என்றால் தேவையில்லை. வேறு இடத்தில்: சீராய்வு. குழம்பக்கூடியது: நீதிப்புனராய்வு.

நான்கு சொல்லுக்கு ஒரு மாலை ஆகும். அடுத்த குடும்பமாக ‘டிஸ்க்ரெஷ’னை எடுங்கள். தமிழ்நாட்டில் ‘விருப்புரிமை’, இலங்கையில் ‘தற்றுணிபு’. முதல் சொல்லில் அலுவலர் தன் இஷ்டத்துக்குச் செய்யலாம் என்ற சாயல் வந்துவிடுகிறது, அதனால் அதற்குக் கீழே ‘சட்டத்தின் நோக்கத்துக்குள் நின்று தேர்ந்தெடுக்கும் உரிமை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போங்கள்.