டவர் எவ்வளவு தூரம் எட்டும்? அல்சூர் சந்து ஒன்றை வைத்து ஒரு கணக்கு

பெங்களூரு அல்சூரில் ஏரிக்குத் தெற்கே உள்ள சந்துகளில் இன்னும் தமிழ்க் குரல்தான் அதிகம் கேட்கும். தெருத்தெருவாகப் போய் சிக்னலை அளக்கும் டிரைவ் டெஸ்டுக்காக லேப்டாப்பும் போனுமாக அங்கே நின்றிருந்தேன். ஒரு பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து வேலூரில் இருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "தம்பி, உள்ள போனா கட் ஆயிடுது. இந்தப் படியை விட்டா எனக்கு வேற வழியில்ல" என்றார். டவர் அங்கிருந்து 400 மீட்டர் தூரத்தில் ஒரு மொட்டை மாடியில் இருந்தது.

என்னோடு வந்திருந்த புதுப் பையன் கேட்டான்: "அண்ணா, டவர் 40 வாட்ல அடிக்குது. 400 மீட்டர் கூடவா போகாது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கணக்குக்குப் பெயர்தான் லிங்க் பட்ஜெட். மாதச் சம்பளத்தில் வாடகை, மளிகை என்று கழித்துக்கொண்டே வந்து மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம் இல்லையா, அதேதான். இங்கே மிச்சம் ரூபாயாக வராது, டெசிபெல்லாக, சுருக்கமாக டிபியாக வரும். அந்த மிச்சத்தை வழியில் எவ்வளவு தூரம் செலவழிக்க முடியுமோ அதுதான் டவர் எட்டும் தூரம்.

முதலில் டிபியும் டிபிஎம்மும்

0 டிபிஎம் என்றால் 1 மில்லிவாட். 10 டிபி கூடினால் சக்தி பத்து மடங்கு, 3 டிபி கூடினால் இரண்டு மடங்கு. அதனால் 23 டிபிஎம் என்பது 200 மில்லிவாட், 46 டிபிஎம் என்பது 40 வாட். பெருக்கலும் வகுத்தலும் இப்படிக் கூட்டலும் கழித்தலுமாக மாறிவிடுவதால் ஒரு தாளிலேயே கணக்கை முடித்துவிடலாம். இது போதும், மேலே போவோம்.

போன் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பையன் சொன்ன 40 வாட்டில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டவரின் 46 டிபிஎம்மை அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டு, ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் எட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சைட் ஆன் ஆன பிறகு புகார் வந்தது: போனில் கோடுகள் நன்றாகவே தெரிகின்றன, எதிர்முனையில் பேசுவது நமக்குக் கேட்கிறது, ஆனால் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. இப்படி ஒருபக்கம் மட்டும் கேட்டால் போனிலிருந்து டவருக்குப் போகும் அப்லிங்க்தான் திணறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். லாகைத் திறந்து பார்த்தால் போன் தன் உச்சமான 23 டிபிஎம்மிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

டவரின் 40 வாட்டும் உங்கள் ஒருவருக்கு வருவதில்லை. 10 மெகா ஹெர்ட்ஸ் அகல 4ஜி அலைவரிசையில் அது ரிசோர்ஸ் பிளாக் எனும் 50 சிறு துண்டுகளுக்குப் பங்காகிறது. போன் தன்னிடம் இருக்கும் 200 மில்லிவாட்டையும் இரண்டே பிளாக்குகளில் குவிக்கிறது. அந்த இரண்டு பிளாக் அளவில் பார்த்தால் டவருக்கு 32 டிபிஎம், போனுக்கு 23. அப்போதும் போன்தான் இளைத்தது. ஆகவே இளைத்தவன் கணக்கைப் போடுவோம்.

டவரின் காது

டவர் எவ்வளவு மெல்லிய சிக்னல் வரை கேட்கும்? அறை வெப்பத்தில் 1 ஹெர்ட்ஸ் அகலத்துக்கு இயற்கையான இரைச்சல் -174 டிபிஎம். ஒரு குரல் அழைப்புக்கு இரண்டு பிளாக், அதாவது 360 கிலோ ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டேன். அந்த அகலத்துக்கு 55.6 டிபி கூடும். ரிசீவர் தானாகச் சேர்க்கும் இரைச்சல் 3 டிபி. சிக்னல் இரைச்சலுக்குச் சமமாக இருந்தாலே பேச்சு புரிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டால் விடை -115.4 டிபிஎம். ஒரு வாட்டைப் பத்து கோடி கோடி பங்காக்கி, அதில் மூன்று பங்கு கைக்கு வந்தால் போதும் என்கிறது டவர். எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

வரவு செலவு

```
போன் சக்தி                  +23.0
தலை, கை விழுங்குவது          -3.0
டவர் ஆன்டெனா கெயின்          +17.0
ஜம்பர் கேபிள் இழப்பு          -0.5
டவரின் காது (115.4)         +115.4
                           ------
                            151.9
பக்கத்து செல் இரைச்சல்         -3.0
நிழல் மார்ஜின்              -10.2
வீட்டுச் சுவர்               -18.0
                           ------
வழியில் செலவழிக்க மிச்சம்     120.7
```

ஆன்டெனா கெயின் என்பது எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒரு பக்கமாகக் குவிப்பதால் வரும் லாபம். இன்னும் இரண்டு வரிகளுக்கு விளக்கம் தேவை.

நிழல் மார்ஜின்: எந்த மாடலும் நடுத்தரமான இழப்பைத்தான் சொல்லும். ஒரே தூரத்தில் இருக்கும் நூறு இடங்களில் ஐம்பதில் அதைவிட மோசமாக இருக்கும், ஒன்றுக்கு முன்னால் ஐந்து மாடிக் கட்டடம், இன்னொன்றுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி என்று. நகரத்தில் இந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கத்தை 8 டிபி என்று எடுப்பது வழக்கம். எல்லையிலேயே நிற்பவர்களில் 90 சதவீதம் பேருக்குக் கிடைக்க வேண்டுமானால் 1.28 ஆல் பெருக்கி 10.2 டிபியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எல்லையில் பாதிப் பேருக்கு சிக்னல் இருக்காது.

வீட்டுச் சுவர்: 18 டிபி என்பது நெருக்கமான பகுதிக்கு நான் வைக்கும் மதிப்பு. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் உள்ளறைகளில் இதைத் தாண்டும். ஐடி ஆபீஸ்களில் வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடி போட்டிருப்பார்கள். அது செங்கல் சுவரைவிடப் பொல்லாதது.

மிச்சத்தைத் தூரமாக மாற்றுவது

நகரத்துக்கு 1800 மெகா ஹெர்ட்ஸ் பட்டையில் பலரும் முதலில் கையில் எடுப்பது காஸ்ட் 231 ஹாட்டா மாடல். ஜப்பானில் ஒக்குமுரா எடுத்த அளவீடுகளுக்கு ஹாட்டா 1980இல் சூத்திரம் கொடுத்தார். அதை 2000 மெகா ஹெர்ட்ஸ் வரை நீட்டியது ஐரோப்பிய காஸ்ட் 231 குழு.

```
L = 46.3 + 33.9 log f - 13.82 log h - a
    + (44.9 - 6.55 log h) log d + C
```

f மெகா ஹெர்ட்ஸில், h டவர் ஆன்டெனாவின் உயரம் மீட்டரில், d கிலோமீட்டரில். போன் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் a கிட்டத்தட்ட சுழி, விட்டுவிடலாம். பெருநகரத்தின் நெரிசலான பகுதிக்கு C என்பது 3. போன் பேசும் அலைவரிசைக்கு 1750, ஆன்டெனா உயரத்துக்கு 30 என்று போட்டால் முழுச் சூத்திரமும் இப்படிச் சுருங்கிவிடும்:

```
L = 138.8 + 35.2 log d
```

L இடத்தில் 120.7 வைத்து d-யைக் கண்டுபிடிக்க வேண்டும். கால்குலேட்டர் போதும், வேண்டுமானால் பைத்தானில்:

```python
maxloss = 120.7
d = 10 ** ((maxloss - 138.8) / 35.2)
print(round(d, 2))
```

திரையில் `0.31` என்று வரும். அதாவது 300 மீட்டர் சொச்சம். வீட்டுச் சுவரின் 18 டிபியை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் 138.7 ஆகி தூரம் 1 கிலோமீட்டரைத் தொடும். அதே டவர், அதே போன், தெருவில் நின்றால் 1 கிலோமீட்டர், வீட்டுக்குள் 300 மீட்டர். அதனால்தான் யாராவது "டவர் எவ்வளவு தூரம் எட்டும்" என்று கேட்டால், எங்கே உட்கார்ந்து பேசப்போகிறார் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

35.2 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் பாதியாகவோ இருமடங்காகவோ 10.6 டிபி போதும். எங்கேயோ 10 டிபியை மறந்துவிட்டால் சுற்றளவுக்குள் அடங்கும் பரப்பு கால்வாசிக்கு வந்துவிடும், டவர் எண்ணிக்கை நான்கு மடங்காகும்.

இந்த விடையை எவ்வளவு நம்பலாம்?

அப்படியே நம்பக் கூடாது. இந்த மாடல் 1 கிலோமீட்டருக்கும் 20 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட தூரத்துக்கு, ஆன்டெனா சுற்றியுள்ள கூரைகளைவிட உயரத்தில் இருக்கும்போது என்று வரையறுத்தது. நமக்கு வந்திருப்பதோ 300 மீட்டர். கூரை உயரம், தெருவின் அகலம் எல்லாம் கையில் இருந்தால் 20 மீட்டரிலிருந்தே வேலை செய்யும் வால்ஃபிஷ்-இக்கேகாமி மாடலுக்குப் போகலாம். இல்லையென்றால் தெருவில் இறங்கி அளந்து திருத்த வேண்டும். அல்சூரில் நான் லேப்டாப்போடு நின்றது இதற்காகத்தான்.

மேடு பள்ளமும் திறந்த வெளியும் மாடலுக்குத் தெரியாது. ஏரிப் பக்கம் திரும்பிய செக்டாரை, அதாவது டவரின் அந்தப் பக்கத்து ஆன்டெனாவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கட்டடம் எதுவும் இல்லை, சிக்னல் தண்ணீருக்கு மேல் வழுக்கிக்கொண்டு மறுகரைக்குப் போய் அங்கிருக்கும் செல்களுக்கு இரைச்சலாக விழும். அங்கே தூரத்தைக் கூட்டுவது வேலையல்ல, ஆன்டெனாவைக் கீழே சாய்த்து அடக்குவதுதான் வேலை.

அளப்பது எப்படி? டவரின் 46 டிபிஎம் அந்த 50 பிளாக்குகளுக்குள் இருக்கும் 600 துணை அலைகளுக்குப் பங்கானால் ஒன்றுக்கு 18.2. ஆன்டெனா கெயினைக் கூட்டி, கேபிள் இழப்பைக் கழித்தால் 34.7. 120.7 டிபி இழக்கும் இடத்தில், அதாவது 300 மீட்டரில், தெருவில் போனின் டெஸ்ட் திரையில் `RSRP`, அதாவது ஒரு துணை அலையில் வந்து சேரும் சக்தி, சராசரியாக -86 டிபிஎம் பக்கம் காட்ட வேண்டும். காருக்குள் போனை வைத்து அளந்தால் கண்ணாடியும் தகரமும் சில டிபியைத் தின்றுவிடும், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்து எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பல சந்துகளின் சராசரி வேண்டும்.

அன்று எங்களுக்கு வந்த சராசரி -91 பக்கம், அதாவது 5 டிபி மோசம். அந்த 5-ஐ அப்படியே 138.8-உடன் கூட்டி 143.8 ஆக்கினோம். எட்டும் தூரம் 220 மீட்டராகச் சுருங்கியது.

பாட்டியின் வீட்டுக்கும் போட்டுப் பார்த்தோம். 400 மீட்டரில், திருத்தாத மாடல்படி தெருவரை இழப்பு 124.8. நம்மிடம் இருப்பது 120.7, குறை 4.1. நிழலுக்கு ஒதுக்கிய 10.2-இல் இருந்து அதை எடுத்துக்கொண்டால் 6.1 மிச்சம், அதை 8 ஆல் வகுத்து இயல்நிலைப் பரவல் அட்டவணையில் பார்த்தால் அங்கே வீட்டுக்குள் போன் எடுக்க 78 சதவீத வாய்ப்பு. திருத்திய மாடல்படி மிச்சம் 1.1 டிபிதான், வாய்ப்பு 55 சதவீதம். அந்தச் சந்தில் கிட்டத்தட்ட ஒரு வீடு விட்டு ஒரு வீடு. பையன் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தான். பாட்டி படிக்கு வந்ததும் கையில் வருவது அந்தச் சுவரின் 18 டிபி. அடுத்த அழைப்புக்காக அவர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.