ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைப் புதன் வரை பாதுகாப்பாகச் சாப்பிட: டப்பாவில் தேதி ஒட்டும் முறை

கோலாலம்பூரில் வேலைக்குப் போகும் பல தமிழ்க் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சமைத்த குழம்பும் சாம்பாரும்தான் வார நாள்களின் இரவுச் சாப்பாட்டுக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் செவ்வாய் இரவு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், ஒரே மாதிரியான டப்பாக்களில் எது இந்த ஞாயிறு சமைத்தது, எது போன வாரத்து மிச்சம் என்று வெளியிலிருந்து சொல்ல முடிவதில்லை. இதைத் தீர்க்க ஒரு மாஸ்கிங் டேப் சுருளும் அழியாத மை கொண்ட ஒரு மார்க்கர் பேனாவும் போதும். இரண்டையும் சமையலறை இழுப்பறையில் அல்லாமல், குளிர்சாதனப் பெட்டியின் பக்கவாட்டிலேயே தொங்கவிட்டு வையுங்கள். தேடி எடுக்க வேண்டியிருந்தால் இரண்டாவது வாரத்திலேயே பழக்கம் விட்டுப்போகும்.

எத்தனை நாள், ஏன் அத்தனை நாள்

சமைத்த உணவு 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான குளிரில் இருந்தால் மூன்று முதல் நான்கு நாள்களுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பதே பொதுவான கணக்கு. ஞாயிறு சமைத்ததைப் புதன் இரவுக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் கைவசம் மிஞ்சும். தொடக்கக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். சோற்றுக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது, அதை மறுநாளே முடித்துவிடுவது நல்லது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைத்துகள்கள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெளியில் ஆறிக் கிடக்கும் நேரத்தில் அவை பெருகி உண்டாக்கும் ஒரு நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை.

குளிர் கிருமிகளின் வளர்ச்சியை மெதுவாக்குகிறதே தவிர நிறுத்திவிடுவதில்லை. லிஸ்டீரியா போன்ற கிருமிகள் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே வளரக்கூடியவை. "முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். உணவைப் புளிக்கவும் நாறவும் செய்யும் கிருமிகள் வேறு, நோய் தரும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. பின்னவை மணத்தையோ சுவையையோ மாற்றாமலே இருக்கக்கூடும். ஆகவே கெட்ட வாடை வந்தால் தேதியைப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள், ஆனால் வாடை இல்லை என்பதற்காகத் தேதியைத் தாண்டாதீர்கள்.

டப்பாவில் போடுவதற்கு முன்

தேதி சரியாக வேலை செய்ய, உணவு நேரத்தோடு குளிருக்குள் போயிருக்க வேண்டும். சமைத்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குள் என்பது பொது விதி. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் மதிய வெயில் நேரத்தில் ஏர்கான் இல்லாத சமையலறை அந்த அளவைச் சாதாரணமாகத் தொட்டுவிடுவதால், ஒரு மணி நேரத்தையே எல்லையாகக் கொள்ளுங்கள். பெரிய பாத்திரத்தோடு அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரமாகும். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாதபடி சிறு டப்பாக்களில் பிரித்துப் போட்டால் விரைவில் ஆறிவிடும்.

சீட்டு எழுதி ஒட்டுதல்

டேப்பை விரல் நீளத்துக்குக் கிழித்து, ஒரு முனையைச் சிறிதளவு உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். பிறகு உரிக்க அந்த மடிப்பு உதவும். டேப்பை மேசையில் வைத்து எழுதிவிட்டு, டப்பாவின் வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, அது காய்ந்திருக்கும்போதே ஒட்ட வேண்டும். குளிர்ந்த டப்பாவில் நீர்த்துளி படிந்திருக்கும், அதில் டேப் நிற்காமல் மறுநாளே உள்தட்டில் விழுந்து கிடக்கும். மூடியில் ஒட்டவே கூடாது. கழுவி வைக்கும்போது மூடிகள் மாறிப்போகும், சாம்பாரின் தேதி கோழிக் குழம்புக்கு வந்துவிடும். பக்கவாட்டில், கதவைத் திறந்ததும் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.

எழுத வேண்டியவை மூன்று: உணவின் பெயர், சமைத்த நாள், முடிக்க வேண்டிய நாள். "கோழிக் குழம்பு, ஞாயிறு 8/3, புதன் 11/3 வரை" என்று கிழமையையும் சேர்த்து எழுதினால், இரவு களைத்து வரும்போது கணக்குப் போட வேண்டியிருக்காது. எழுதும் நாள் சமைத்த நாளாகவே இருக்க வேண்டும், டப்பா மாற்றிய நாளாக இருக்கக் கூடாது. திங்களன்று சூடாக்கிவிட்டு மீதியை வேறு சிறு டப்பாவில் ஊற்றினாலும் பழைய சீட்டையே உரித்து அதில் ஒட்ட வேண்டும். சூடாக்கியதால் நாள் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவதில்லை. பழைய பருப்பில் புதிய பருப்பைக் கலந்தால் மொத்தத்துக்கும் பழைய தேதிதான். கடையிலிருந்து கட்டி வாங்கிய நாசி கண்டார் எப்போது சமைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்று நமக்குத் தெரியாததால், அதற்குச் சீட்டு எழுதாமல் அன்றே முடித்துவிடுவது என் வழக்கம்.

எதை முதலில் எடுப்பது

பெட்டியில் ஒரு தட்டை மிச்ச உணவுக்கென்றே ஒதுக்குங்கள். புதிய டப்பாவை எப்போதும் பின்னால் வையுங்கள், பழையதை முன்னால் தள்ளுங்கள். கதவுப்பக்கம் அடிக்கடி சூடேறுவதால் அங்கே சமைத்த உணவு வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஞாயிறு மதியம் நால்வருக்குச் சமைத்ததில் சோறு, முட்டைக்கோஸ் பொரியல், சாம்பார், கோழிக் குழம்பு ஆகியவை மிஞ்சியிருக்கின்றன. சோற்றின் சீட்டில் "திங்கள் வரை" என்று இருப்பதால் அது முன்வரிசையில் நிற்கும். திங்கள் இரவு அதையும் பொரியலையும் முடித்துவிடலாம். குழம்பு எல்லாவற்றையும் புதனுக்குள் தீர்க்க முடியாது என்று ஞாயிறே தெரிவதால், பாதியை அன்றே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். புதன் இரவுவரை காத்திருந்து, நாள் முடியும் தறுவாயில் உறைய வைப்பது தவறு. செவ்வாயன்று தோசைக்குச் சாம்பார். அன்று புதிதாக மீன் சம்பல் செய்தால் அதன் சீட்டில் "வெள்ளி வரை" என்று இருக்கும், அது பின்வரிசைக்குப் போகும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் புதனன்று கைக்கு வர வேண்டியது சம்பல் அல்ல, மீதிக் குழம்புதான். பக்கத்து மாமாக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிவந்தால் அதுவே நிறைவான சாப்பாடு. சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, நடுவில் ஆவி பறக்கும்வரை, வெப்பமானி இருந்தால் 74 டிகிரிவரை, சூடாக்குங்கள்.

ஃப்ரீசருக்குப் போன பாதிக்கு "உறைய வைத்தது ஞாயிறு 8/3" என்று தனிச் சீட்டு வேண்டும். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் வளர்வதில்லை என்றாலும் இரண்டு மூன்று மாதங்களில் சுவை மங்கத் தொடங்கும். எடுக்கும்போது அதை மேசையில் வைக்காமல், முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, சீட்டில் உருக வைத்த நாளையும் சேர்த்து எழுதி, மறுநாளே சாப்பிட்டுவிடுங்கள்.