சிறப்பாசிரியர் விண்ணப்பத்தை அறிவிப்போடு ஒப்பிட்ட விதம்

அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்கான சிறப்பாசிரியர் பணிக்கு, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் நடப்புப் பதிவும் தனிநபர் கல்வித் திட்டம் தயாரித்த அனுபவமும் வேண்டும் என்று எங்கள் பள்ளி அறிவித்திருந்தது. ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களிலும் இரண்டும் இருப்பதாகவே எழுதியிருந்ததால், அந்தச் சொற்களை விட்டுவிட்டு அவற்றுக்கான ஆதாரங்களைக் கேட்டு வாங்கினேன்.

பதிவு 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், ‘2017இல் பதிவு பெற்றவர்’ என்ற வரி, புதுப்பித்த சான்றிதழ் இல்லாவிட்டால் எதையும் உறுதிசெய்யாது. சான்றிதழில் செல்லுபடியாகும் தேதியையும், எந்தக் குறைபாட்டுத் துறையில் பயிற்சி பெற்றார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒருவரின் பதிவு நடப்பில் இருந்தது. ஆனால் அவருடைய பட்டயம் செவித்திறன் குறைபாட்டுக்கானது.

அனுபவத்தை அளப்பதுதான் கடினமானது. மாணவரின் பெயரை மறைத்து, தாமே எழுதிய ஒரு திட்டத்தை அனுப்புமாறு கேட்டேன். ஒன்றில் ‘கணக்கில் முன்னேற்றம் காணச் செய்தல்’ என்பதே இலக்கு. அது நிறைவேறியதா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்றில், மாணவர் பொருள்களை வைத்து 10 வரை எண்ணுகிறார் என்ற தற்போதைய நிலையும், மூன்று மாதத்தில் 10 ரூபாய் கொடுத்துப் பொருள் வாங்கி, ஐந்தில் நான்கு முறை மீதிச் சில்லறையைச் சரியாகப் பெறுவார் என்ற இலக்கும், மறுஆய்வுத் தேதியும், பெற்றோரின் கையொப்பமும் இருந்தன. இந்த இரண்டாவது திட்டத்தை எழுதியவருக்குப் பதிவும் துறையும் பொருந்தியிருந்தன; அவரையே முதலில் நேர்காணலுக்கு அழைத்தோம்.