டவர் டிஃபென்ஸ் கேமில் அலைகளைச் சமன் செய்வது எப்படி?

முதல் அலை சுலபமாக முடிந்து, இரண்டாவதிலேயே ஆட்டம் கையை விட்டுப் போகிறதா? எதிரிகளின் ஹெல்த்தை மட்டும் பார்க்காமல், குண்டுகளை எண்ணிப் பாருங்கள். நான் எப்போதும் இந்தக் கணக்கில்தான் தொடங்குவேன்.

1. டவரால் எத்தனை முறை சுட முடியும்?

டவர் விலை 100 காயின், ஒரு குண்டுக்கு 10 டேமேஜ், நொடிக்கு ஒரு குண்டு என்று வைத்துக்கொள்வோம். பத்து எதிரிகள் ஒரு நொடி இடைவெளியில் வருகிறார்கள். டவரின் எல்லையைக் கடக்க ஒவ்வொருவருக்கும் 3 நொடி ஆகும். முதல் ஆள் நுழைவதிலிருந்து கடைசி ஆள் வெளியேறும் வரை 12 நொடி. அப்படியானால் ஒரு டவருக்கு அதிகபட்சம் 12 குண்டு. தொடக்கத்தில் 200 காயின் கொடுத்தால், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டவர், 24 குண்டு.

2. அலைக்கு எத்தனை குண்டு தேவை?

```
shots = count * ceil(hp / damage)
```

ஹெல்த் 20 என்றால் ஆளுக்கு 2 குண்டு, மொத்தம் 20. கையில் 24 இருக்கிறது. முதல் அலைக்கு இந்த அளவு மிச்சம் சரி.

இப்போது அடுத்த அலையில் ஹெல்த்தை 15% மட்டும் கூட்டுங்கள். 20 என்பது 23 ஆகிறது. ஆனால் 10 டேமேஜ் குண்டு இப்போது மூன்று வேண்டும். தேவை 20-லிருந்து 30-க்குத் தாவிவிட்டது! கையில் 24தான், குறைந்தது இரண்டு எதிரிகளாவது தப்பிப்பார்கள். பலரும் தவறவிடுவது இந்தத் தாவலைத்தான்: மூன்றாவது குண்டின் டேமேஜில் பெரும்பகுதி வீணாகிறது. கேம் திடீரென்று கடினமானது போல் தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

3. விலையை வையுங்கள்

ஒரு எதிரிக்கு 10 காயின் என்றால் முதல் அலை 100 தரும். அப்கிரேடுக்கு 50 காயின், டேமேஜ் 12 என்று வையுங்கள். இரண்டு டவரையும் அப்கிரேட் செய்தால் 23 ஹெல்த்துக்கு மறுபடியும் 2 குண்டு போதும்: தேவை 20, இருப்பு 24. புது டவர் வாங்கினாலோ தேவை 30, இருப்பு 36. இரண்டு வழியிலும் பிழைக்கலாம், ஆக ஆடுபவருக்கு உண்மையான தேர்வு கிடைக்கிறது.

ஆனால் மூன்றாவது அலையில் ஹெல்த் 26. 12 டேமேஜுக்கும் மூன்று குண்டு ஆகிவிடும், அப்கிரேடின் பலன் போய்விடும். புது டவர் வாங்கியவரோ செலவே இல்லாமல் தாங்குவார். இடம் தாராளமாக இருந்தால் யாரும் அப்கிரேட் பக்கம் போக மாட்டார்கள். கிங்டம் ரஷ் போன்ற கேம்களில் டவர் வைக்கும் இடங்கள் குறிப்பிட்ட சிலதான், அதனால்தான் அங்கே அப்கிரேடுக்கு மதிப்பு இருக்கிறது.

4. ஆடிப் பாருங்கள்

இந்தக் கணக்கு உச்சவரம்புதான். தப்பிப்போகும் எதிரிமேல் பட்ட குண்டுகளும் வீண்தான் என்பதால், நடப்பில் இன்னும் குறையும். அப்கிரேட் மட்டும், புது டவர் மட்டும் என்று தனித்தனியாக ஆடி, ஒவ்வொரு அலையிலும் எத்தனை பேர் தப்பினார்கள் என்று எழுதி வையுங்கள். ஒரு வழி எப்போதும் ஜெயித்தால் எதிரிகளைத் தொடாதீர்கள். தோற்கும் வழியின் விலையை 50-லிருந்து 40 ஆக்கி, மறுபடி ஆடுங்கள்.