உள்ளாட்சிப் பாடத்தின் சூழல் கேள்விக்கு முதலில் ஊரைப் பாருங்கள்

உள்ளாட்சிப் பாடத்தில் ஒரு சூழலைச் சொல்லி 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால், விடை எழுதும் முன் அது கிராமமா நகரமா என்று காட்டும் சொல்லைத் தேடி அடிக்கோடிடுங்கள். ஊர் தெரிந்தாலே யாரிடம் போவது என்பது பாதி முடிவாகிவிடும். பிள்ளைகளுக்கு மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்: சென்னைத் தெருவில் குப்பை அள்ளவில்லை என்ற கேள்விக்கு 'கிராம சபையில் முறையிடுவேன்' என்று எழுதிவிடுகிறார்கள். கிராம சபை கிராம ஊராட்சிக்கு மட்டுமே உரியது. சென்னையில் வார்டு கவுன்சிலரிடமோ, மாநகராட்சியின் 1913 எண்ணிலோ சொல்ல வேண்டும்.

அடுத்து, எந்த வேலை என்று பாருங்கள். 'மழை பெய்ததும் தெருவில் தண்ணீர் நிற்கிறது' என்றால் மழைநீர் வடிகால், அது மாநகராட்சியின் பொறுப்பு. 'வெயில் காலத்திலும் மூடி வழியே சாக்கடை பொங்குகிறது' என்றால் கழிவுநீர்க் குழாய். சென்னையில் அது குடிநீர் வாரியத்தின் வேலை. விடையை இப்படி எழுதலாம்: 'இது கழிவுநீர்ப் பிரச்சினை, ஆகவே குடிநீர் வாரியத்தில் புகார் தருவேன்; தாமதமானால் எங்கள் வார்டு கவுன்சிலரிடம் எடுத்துச் சொல்வேன்.' காரணம் சொல்லும் அந்த 'ஆகவே'தான் இந்த விடையின் உயிர்.

திருட்டு, தகராறு போன்ற சூழல் வந்தால் இந்த வழி உதவாது; காவல்துறை மாநில அரசின் கீழ் வருவது. ஊரே குறிப்பிடாத கேள்வி என்றால், 'நான் மாநகராட்சிப் பகுதியில் வசிப்பதாகக் கொண்டால்' என்று தொடங்கி எழுதுங்கள்.